திருடு போன கேமரா, லென்ஸ்: உபகரண பாலிசியில் கிளெய்ம் செய்வது எப்படி?

கல்யாண மண்டபத்துக்கு வெளியே நிறுத்திய காரின் கண்ணாடியை உடைத்து, டிக்கியில் இருந்த கேமரா பையை யாரோ எடுத்துப் போய்விட்டதாக வைத்துக்கொள்வோம். பையில் ஒரு கேமரா பாடி, ஒரு 24-70 லென்ஸ், ஒரு 70-200 லென்ஸ். மூன்றுக்கும் பாலிசி இருக்கிறது. இந்தக் கிளெய்மில் கடைசி வரை நினைவில் இருக்க வேண்டியது ஒன்றுதான். பாலிசி அட்டவணை, பில், எஃப்.ஐ.ஆர், கிளெய்ம் படிவம் என நான்கு தாள்களிலும் ஒரே சீரியல் எண், ஓர் எழுத்துகூட மாறாமல் இருக்க வேண்டும்.

1. காரைத் தொடாதீர்கள், முதலில் படம் எடுங்கள்

உடைந்த கண்ணாடி, சிதறிய துண்டுகள், வண்டி எண், மண்டபப் பலகை எல்லாம் தெரியும்படி செல்போனில் எடுங்கள். பல உபகரண பாலிசிகளில், ஆளில்லாத வண்டியிலிருந்து திருடு போனால், பூட்டிய வண்டியை உடைத்து எடுத்ததற்கான அடையாளம் இருந்தால்தான் பணம் கிடைக்கும். கண்ணாடி மாற்றிய பில்லையும் பத்திரப்படுத்துங்கள். பின்சீட்டில் வெளியே தெரியும்படி பையை வைத்திருந்தால் சில பாலிசிகளில் அதுவே மறுப்புக்குக் காரணமாகிவிடும்.

2. சீரியல் எண்களைத் திரட்டுங்கள்

கேமராவின் எண் அடிப்பாகத்திலோ, திரையை வெளியே இழுத்தால் அதன் பின்னாலோ இருக்கும். லென்ஸில் பெரும்பாலும் மவுண்ட் பக்கம் இருக்கும். பொருளே கையில் இல்லாததால் அட்டைப்பெட்டியில் ஒட்டிய பார்கோடு ஸ்டிக்கரைப் பாருங்கள். அதில் மாடல் எண்ணும் இருக்கும். அதைச் சீரியல் எண் என்று எழுதிவிடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு.

பெட்டியும் இல்லையென்றால், அந்தக் கேமராவில் எடுத்த பழைய ரா ஃபைல் ஒன்று போதும். கணினியில் எக்ஸிஃப்டூல் நிறுவி இப்படிக் கேளுங்கள்:

```
exiftool -Model -SerialNumber -LensModel -LensSerialNumber IMG_2041.CR3
```

வாட்ஸ்அப்பில் வந்த படம் இதற்கு உதவாது, அதில் இந்தத் தகவல்கள் அழிந்திருக்கும். சில பிராண்டுகளில் லென்ஸ் எண் ஃபைலில் பதிவாகாது, அங்கே பில்தான் கதி.

3. காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர் கேளுங்கள்

தமிழ்நாட்டில் பலரும் இடறும் இடம் இது. புகார் கொடுத்ததும் சி.எஸ்.ஆர் ரசீது கையில் வரும், வேலை முடிந்தது என்று திரும்பிவிடுவார்கள். அது புகார் பெற்றதற்கான ரசீது மட்டுமே, காப்பீட்டு நிறுவனம் கேட்பது எஃப்.ஐ.ஆர். ஆவணம் தொலைந்ததற்கு ஆன்லைனில் எடுக்கும் அறிக்கையும் இங்கே செல்லாது. கேமரா தொலையவில்லை, திருடப்பட்டது. புகாரிலும் 'காணவில்லை' என்று எழுதாமல், 'கண்ணாடியை உடைத்துத் திருடப்பட்டது' என்றே எழுதுங்கள். ஒவ்வொரு பொருளின் மாடல், சீரியல் எண், மதிப்பு மூன்றையும் சேருங்கள். எஃப்.ஐ.ஆர் நகல் இலவசம். அதில் எண் விடுபட்டிருந்தால் அல்லது தவறாக இருந்தால், விசாரணை அதிகாரியிடம் எழுத்துமூலம் கூடுதல் வாக்குமூலம் கொடுத்து அதன் நகலை வாங்குங்கள்.

4. அன்றே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள்

எஃப்.ஐ.ஆர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பாலிசி எண், நேரம், இடம், என்ன போனது என்று நான்கு வரி மின்னஞ்சல் போதும். தொலைபேசியில் சொன்னாலும் மின்னஞ்சலும் அனுப்புங்கள், தேதிக்கு அதுதான் சாட்சி.

5. பில்களைச் சரிபாருங்கள்

பில் ஸ்டுடியோ பெயரில், பாலிசி உங்கள் சொந்தப் பெயரில் என்றால், இழப்பை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் நிச்சயம் கேட்பார். ஸ்டுடியோ உங்களுடையது என்பதற்கு ஜி.எஸ்.டி பதிவுச் சான்று அல்லது உத்யம் சான்று இணையுங்கள். பில்லில் சீரியல் எண் இல்லாவிட்டால், கடையின் லெட்டர்பேடில் பில் எண்ணையும் சீரியல் எண்ணையும் குறிப்பிட்ட கடிதம் வாங்குங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய லென்ஸுக்கு, விற்றவரின் பழைய பில்லும் நீங்கள் பணம் அனுப்பிய வங்கிப் பதிவும் வேண்டும்.

6. தொகை ஏன் குறைகிறது?

நம் உதாரணத்தில் பாடியின் காப்பீட்டுத் தொகை 1,50,000 ரூபாய் என்போம். அதே மாடல் புதிதாக வாங்க இன்று 2,00,000 ரூபாய். அதாவது 75 சதவீதத்துக்குத்தான் காப்பீடு செய்திருக்கிறீர்கள். தேய்மானம் கழித்துச் சர்வேயர் 1,60,000 என்று மதிப்பிட்டால், அதில் 75 சதவீதம், 1,20,000 ரூபாய். உங்கள் பங்கு 5 சதவீதம் என்று பாலிசியில் இருந்தால் இன்னும் 6,000 போக, கையில் 1,14,000 ரூபாய். எலக்ட்ரானிக் உபகரண பாலிசியில் கணக்கு பெரும்பாலும் இப்படித்தான் போகும். ஆகவே சர்வேயரின் தாளில் இன்றைய புது விலையாக என்ன போட்டிருக்கிறார் என்று பாருங்கள். வேறு மாடலின் விலையைப் போட்டிருந்தால், கடை விலைப்பட்டியலுடன் எழுத்தில் மறுப்புச் சொல்லுங்கள்.

7. கடைசித் தாள்கள்

பொருள் கண்டுபிடிக்கப்படவில்லை என்ற காவல்துறைச் சான்று வந்த பிறகே பல நிறுவனங்கள் பணம் விடுவிக்கும். அது வர மாதங்கள் ஆகலாம், எனவே மற்ற தாள்களை முன்பே கொடுத்துவிடுங்கள். பணத்துக்கு முன் வரும் டிஸ்சார்ஜ் வவுச்சரில் 'முழுத் தீர்வாக ஏற்கிறேன்' என்று இருக்கும். தொகையில் உடன்பாடு இல்லையென்றால் கையெழுத்திடுவதற்கு முன்பே நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லாவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது, கட்டணம் கிடையாது.