தனிவட்டியும் கூட்டுவட்டியும்: 30 ஆண்டுகளை ஒரே வரைபடத்தில் வரைந்து பார்ப்பது எப்படி?

தனிவட்டியில் வட்டி எப்போதும் அசலுக்கு மட்டுமே கணக்கிடப்படும்; கூட்டுவட்டியிலோ சேர்ந்த வட்டிக்கும் வட்டி உண்டு. இந்த வரையறை பலருக்கும் தெரியும். ஆனால் இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் எந்த ஆண்டில் எவ்வளவு விரிகிறது என்பது வரைந்து பார்த்தால்தான் புலப்படும். அதற்கு ஒரு விரிதாள் போதும்.

முதலில் `B1` கட்டத்தில் அசலாக 10000 என்றும் `B2` கட்டத்தில் வட்டி வீதமாக 8% என்றும் இடுங்கள். நான்காம் வரிசையில் ஆண்டு, தனிவட்டி, கூட்டுவட்டி, வேறுபாடு என்று தலைப்புகளை எழுதிவிட்டு, `A5` கட்டத்தில் 0 என இடுங்கள். பிறகு கீழுள்ள வாய்பாடுகளை அந்தந்தக் கட்டத்தில் தட்டச்சு செய்யுங்கள்.

```
A6: =A5+1
B5: =$B$1*(1+$B$2*A5)
C5: =$B$1*(1+$B$2)^A5
D5: =C5-B5
```

இவற்றை 35ஆம் வரிசை வரை கீழ்நோக்கி இழுத்தால் 30 ஆண்டுகளும் நிரம்பிவிடும். தொடக்கத்தில் இரண்டு தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. `$` குறியை விட்டுவிட்டால், இழுக்கும்போது அசலின் முகவரியும் ஒவ்வொரு வரிசையாகக் கீழே நகர்ந்துவிடும். முதலாம் ஆண்டின் தொகை 0.08 என்று தெரிந்தால் காரணம் இதுதான். வீதத்தை 8% என்று இடாமல் வெறும் 8 என்று இட்டுவிட்டால், முதலாம் ஆண்டிலேயே தொகை 90,000 ஆகிவிடும்.

எல்லாம் சரியாக இருந்தால், முதலாம் ஆண்டில் இரண்டு நிரல்களும் 10,800 என்றே காட்டும். இரண்டாம் ஆண்டில்தான் முதல் வேறுபாடு தோன்றுகிறது; அது வெறும் 64. முதலாம் ஆண்டில் கிடைத்த 800க்கு 8 விழுக்காடு வட்டி கணக்கிட்டால் இதே 64 வரும். இந்தச் சிறிய எண்ணைக் கையால் ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்குமாறு வற்புறுத்துவேன், ஏனெனில் பின்னால் வரப்போகும் பெரிய இடைவெளி முழுவதும் இதே வேலை திரும்பத் திரும்ப நடப்பதன் விளைவுதான். வேறுபாடு ஐந்தாம் ஆண்டில் 693, பத்தாம் ஆண்டில் 3,589, இருபதாம் ஆண்டில் 20,610 என்று வளர்கிறது. முப்பதாம் ஆண்டு முடிவில் தனிவட்டித் தொகை 34,000 ஆகவும் கூட்டுவட்டித் தொகை 1,00,627 ஆகவும் இருக்கும்.

அடுத்து, தலைப்புகளோடு சேர்த்து `A4:C35` பகுதியைத் தேர்ந்தெடுத்து, ஆண்டு கிடைமட்ட அச்சில் வருமாறு ஒரு சிதறல் வரைபடத்தைச் செருகுங்கள். தனிவட்டி நேர்கோடாகவும் கூட்டுவட்டி மேல்நோக்கி வளையும் கோடாகவும் தெரியும். முதல் ஐந்தாறு ஆண்டுகளில் இரண்டும் ஏறக்குறைய ஒட்டியே செல்வதால், அப்பகுதியை மட்டும் பார்ப்பவர் இரண்டும் ஒன்றே என்று முடிவு செய்துவிடக்கூடும்.

கோடு மேலே வளைவதைப் பார்த்து, பிற்காலத்தில் வட்டி வீதமே கூடிவிட்டது என்று நினைப்பவர்களும் உண்டு. அது உண்மையன்று என்பதைக் காண, செங்குத்து அச்சின் அமைப்புகளில் `Logarithmic scale` என்பதைத் தேர்ந்தெடுத்து, அச்சின் குறைந்த அளவை 10000 என்று வையுங்கள். இந்த மடக்கை அளவுகோலில் சம விழுக்காட்டு வளர்ச்சி சம உயரமாகத் தெரியும் என்பதால், கூட்டுவட்டி இப்போது நேர்கோடாகிவிடும். தனிவட்டியோ மேலேறும் வேகம் குறைந்து தட்டையாகிக்கொண்டே போகும். ஆண்டுதோறும் அதே 800தான் சேர்கிறது, அது சேரும் தொகையோ பெருகிக்கொண்டே இருக்கிறது. ஆகவே இருபதாம் ஆண்டு முடிவில் கையிலிருக்கும் 26,000க்கு அடுத்த ஆண்டின் 800 என்பது 3.1 விழுக்காடு மட்டுமே.

இறுதியாக `E6` கட்டத்தில் இந்த வாய்பாட்டை இட்டு, கீழே இழுத்து, விழுக்காடாகக் காட்டச் செய்யுங்கள்.

```
E6: =(C6-$B$1)/($B$1*A6)
```

கூட்டுவட்டியில் கிடைத்த மொத்த வட்டியை ஆண்டுகளால் வகுத்து, அதற்கு இணையான தனிவட்டி வீதத்தை இது தருகிறது. பத்தாம் ஆண்டில் 11.6, இருபதாம் ஆண்டில் 18.3, முப்பதாம் ஆண்டில் 30.2 விழுக்காடு என்று வரும். ஆனால் கணக்கில் உள்ள வீதம் முதலிலிருந்து முடிவுவரை 8 விழுக்காடுதான். ஒரு சேமிப்புத் திட்டம் தன் வருவாயை இப்படி வகுத்த சராசரியாகச் சொன்னால், அந்த எண்ணை அப்படியே வேறொரு திட்டத்தின் கூட்டுவட்டி வீதத்தோடு ஒப்பிடக் கூடாது. அசலையும் முதிர்வுத் தொகையையும் ஆண்டுகளையும் கேட்டு வாங்கி, அசலை `B1` கட்டத்தில் இட்டு, `C` நிரலில் அந்த ஆண்டுக்கு எதிரே அத்தொகை வரும்வரை `B2` கட்டத்தின் வீதத்தை மாற்றிப் பார்த்தால் உண்மையான வீதம் கிடைத்துவிடும்.

இந்த வளைகோடு, வட்டியை ஒருமுறைகூட எடுக்காமல் விட்டு, வீதமும் மாறாதிருந்தால் மட்டுமே பொருந்தும். ஆண்டுதோறும் வட்டியை எடுத்துச் செலவழித்துவிடுபவர், கூட்டுவட்டிக் கணக்கிலேயே பணம் வைத்திருந்தாலும், அவருக்குக் கிடைப்பது `B` நிரலின் நேர்கோடுதான்.