பத்து நிமிடத்தில் திட்டத்தை மேலிடத்தின் முன் வைப்பது: எதைக் காட்டுவது, எதை விடுவது

நிறுவனத்தின் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் முதன்முறையாக ஒரு திட்டத்தை முன்வைக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லாப் படிகளையும் ஒரே எடுத்துக்காட்டின் வழியாகவே பார்ப்போம். இருசக்கர வாகன உதிரிபாகங்களை விநியோகிக்கும் ஒரு நிறுவனத்துக்குச் சென்னை, கோவை, மதுரை ஆகிய மூன்று ஊர்களில் கிடங்குகள் இருக்கின்றன என்றும், பேரேட்டிலும் எக்செல்லிலும் எழுதிவரும் இருப்புக் கணக்கைப் பார்கோடு முறைக்கு மாற்றும் திட்டத்தை நீங்கள் முன்வைக்கிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். இங்கே வரும் தொகைகள் எடுத்துக்காட்டுக்காக அமைத்தவை.

படி 1: கேட்கப்போகும் முடிவை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

ஸ்லைடு எதையும் திறப்பதற்கு முன், கூட்டம் முடியும்போது தலைமை அலுவலர் எதற்குச் சம்மதம் சொல்லியிருக்க வேண்டும் என்பதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "பார்கோடு திட்டத்தைப் பற்றி விளக்குதல்" என்று எழுதினால் அது தலைப்பாக இருக்குமே தவிர, முடிவாக இருக்காது. நம் எடுத்துக்காட்டில் அந்த வாக்கியம் இப்படி அமையலாம்: "கோவைக் கிடங்கில் முதல் கட்டத்தைத் தொடங்க 11 லட்சம் ரூபாயும், ஜூலை முதல் செப்டம்பர் வரை இரண்டு கிடங்கு ஊழியர்களும் வேண்டும், இதற்கான ஒப்புதலை மே மாத இறுதிக்குள் தர வேண்டும்."

மூன்று கிடங்குகளுக்கும் சேர்த்து ஆகும் 36 லட்சத்தை ஒரேயடியாகக் கேட்காமல் முதல் கட்டத்தை மட்டும் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கோவையில் கிடைக்கும் முடிவைப் பார்த்துவிட்டு மீதி 25 லட்சத்தைப் பற்றி முடிவெடுக்கலாம் என்னும்போது, இன்று அவர்கள் ஏற்கவேண்டிய நட்ட வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைகிறது. ஆனால் 36 லட்சம் என்ற மொத்தத் தொகையை மறைக்கவே கூடாது. அது பின்னர் தெரியவந்தால், 11 லட்சத்துக்குக் கிடைத்த சம்மதமும் கேள்விக்குள்ளாகும்.

படி 2: நேரத்தைப் பிரியுங்கள்

பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் மட்டுமே உங்கள் பேச்சுக்கு உரியது. மீதி நான்கும் அவர்களுடைய கேள்விகளுக்கு. கேட்கும் முடிவுக்கு ஒரு நிமிடம், அதற்கான காரணத்துக்கு இரண்டு, நடைமுறைக்கு ஒன்றரை, இடர்களுக்கு ஒன்றரை என்று ஒதுக்கினால் நான்கு ஸ்லைடுகள் போதும். முந்தைய விவாதம் நீண்டு, உங்களுக்கு ஐந்து நிமிடம்தான் மிஞ்சும் நாள்களும் உண்டு. முடிவை முதல் ஸ்லைடிலேயே வைத்திருந்தால் அன்றும் நிலைமையைச் சமாளிக்கலாம். வரலாற்றிலிருந்து தொடங்கியிருந்தால் முடியாது.

படி 3: ஒவ்வொரு தகவலையும் சல்லடையில் போடுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். கையில் இருக்கும் ஒவ்வொரு தகவலையும் எடுத்து, "இது வேறு மாதிரி இருந்திருந்தால் அவர்களுடைய முடிவு மாறியிருக்குமா?" என்று கேளுங்கள். மாறும் என்றால் அது ஸ்லைடில் இருக்க வேண்டும். மாறாது என்றால் பின்னிணைப்புக்குப் போக வேண்டும்.

ஸ்கேனர் எந்த மாடல் என்பது முடிவை மாற்றாது. மூன்று விற்பனையாளர்களை எப்படி ஒப்பிட்டீர்கள் என்ற அட்டவணையும், நூற்றுக்கு மேற்பட்ட வரிகள் கொண்ட கேன்ட் சார்ட்டும் மாற்றாது. நீங்கள் பல வாரம் உழைத்துத் தயாரித்தவை என்பதால் இவற்றைக் கைவிட மனம் வராது என்பது உண்மைதான். ஆனால் கேன்ட் சார்ட்டைத் திரையில் போட்டால், யாராவது ஒருவர் அதில் ஏதோ ஒரு வரியைச் சுட்டி "இதற்கு ஏன் இத்தனை நாள்?" என்று கேட்பார், உங்கள் நான்கு நிமிடம் அந்த ஒரு வரியிலேயே கரைந்துவிடும். அதற்குப் பதிலாக நான்கு தேதிகளைச் சொல்லுங்கள்: ஜூன் தொடக்கத்தில் ஸ்கேனர்களுக்கு ஆர்டர், ஜூலையில் லேபிள் ஒட்டும் வேலை, ஆகஸ்டில் பேரேடும் பார்கோடும் இணையாக இயங்குதல், செப்டம்பர் 15 அன்று பேரேட்டை நிறுத்துதல்.

இப்போது முடிவை மாற்றக்கூடியவற்றைப் பாருங்கள். இருப்புக் கணக்கில் வரும் வித்தியாசத்தாலும், சரக்கு கிடங்கில் இருப்பது தெரியாமல் மீண்டும் வாங்குவதாலும் ஆண்டுக்கு 40 லட்சம் இழப்பு ஏற்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய முறை அந்த 40 லட்சத்தையும் மீட்டுத்தரும் என்று சொல்லிவிடாதீர்கள். திருட்டையும் சேதத்தையும் பார்கோடு தடுத்துவிடாது. மூன்று கிடங்குகளிலும் சேர்த்து 20 முதல் 28 லட்சம் வரை மிச்சமாகும், ஆண்டுப் பராமரிப்புக்கான 4 லட்சத்தைக் கழித்தால் 16 முதல் 24 லட்சம் நிற்கும், ஆகவே போட்ட 36 லட்சம் ஒன்றரை முதல் இரண்டேகால் ஆண்டுக்குள் திரும்பிவிடும் என்று ஒரு வரம்பாகச் சொல்லுங்கள். நிதித்துறைத் தலைவர் முதலில் தேடுவது அந்த ஆண்டுப் பராமரிப்புச் செலவைத்தான். அதை நீங்களே சொல்லிவிட்டால் மற்ற எண்களின் மீதும் அவருக்கு நம்பிக்கை வரும்.

"ஏன் மே மாதத்துக்குள்?" என்பதற்கான காரணத்தையும் விட்டுவிடக் கூடாது. ஸ்கேனர் வந்துசேர ஆறு வாரம் ஆகும். ஒப்புதல் ஜூலைக்குத் தள்ளிப்போனால், பேரேட்டை நிறுத்தும் நாள் ஆயுத பூஜை, தீபாவளி காலத்து விற்பனையோடு மோதும். அந்த நேரத்தில் எந்தக் கிடங்கும் புதிய முறைக்கு மாற முடியாது.

படி 4: பெரிய இடர் ஒன்றை முழுமையாகச் சொல்லுங்கள்

பத்து இடர்களை வரிசையாகப் பட்டியலிட்டால் எதுவும் மனத்தில் பதியாது. திட்டத்தையே கவிழ்க்கக்கூடிய ஒன்றை எடுத்துக்கொண்டு, அது எப்படித் தெரியவரும், அப்போது என்ன செய்வீர்கள் என்பது வரை சொல்லுங்கள். இந்தத் திட்டத்தில் அந்த இடர் மென்பொருளில் இல்லை, லேபிளில் இருக்கிறது. போல்ட், வாஷர் போன்ற சிறு பொருள்கள் பெரும்பாலும் பார்கோடு இல்லாமலேயே வருவதால், அவற்றின் பெட்டிகளுக்கு நாமேதான் லேபிள் ஒட்ட வேண்டும். கோவையில் 9,000 வகைப் பொருள்கள் இருந்தால், ஒருவர் நாளுக்கு 180 வகை வீதம் முடிக்க, இருவருக்கு 25 வேலை நாள்கள் ஆகும். ஜூலை நடுவில் 4,500 வகைகள் முடிந்திராவிட்டால் தாமதம் உறுதி என்று அறிந்து, அப்போதே மூன்றாவது ஆளைக் கேட்போம் என்று சொல்லுங்கள்.

எந்த நிலையில் திட்டத்தை நிறுத்துவீர்கள் என்பதையும் இதே ஸ்லைடில் வையுங்கள்: செப்டம்பர் இறுதியில் சரக்கை நேரில் எண்ணி எடுக்கும் இருப்புக் கணக்கு, பார்கோடு காட்டும் கணக்கோடு 98 சதவீதமாவது பொருந்தாவிட்டால், மற்ற இரு கிடங்குகளுக்கான பணத்தைக் கேட்க மாட்டோம்.

படி 5: கூட்டத்துக்கு முன் இருவரைச் சந்தியுங்கள்

நிதித்துறைத் தலைவரிடம் கணக்கைக் காட்டுங்கள். கிடங்குகளுக்குப் பொறுப்பானவரிடம் அந்த இரண்டு ஊழியர்களைப் பற்றிப் பேசிவிடுங்கள். தன்னுடைய ஆட்களைக் கேட்கிறீர்கள் என்பதை அவர் கூட்டத்தில்தான் முதன்முதலாக அறிகிறார் என்றால், திட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவர் எதிர்ப்பார். அப்படி எதிர்ப்பது நியாயமும்கூட.

படி 6: ஒத்திகை பாருங்கள்

திட்டத்தைப் பற்றி எதுவுமே தெரியாத ஒரு சக ஊழியரை உட்காரவைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுங்கள். முடிந்ததும் "நான் என்ன கேட்கிறேன்?" என்று அவரிடம் கேளுங்கள். தொகை, ஆட்கள், தேதி ஆகிய மூன்றையும் அவர் சொல்லவில்லையானால் முதல் ஸ்லைடைத் திருத்துங்கள். எல்லாத் தொகைகளையும் லட்சத்திலேயே எழுதுங்கள். ஓரிடத்தில் லட்சமும் வேறோரிடத்தில் ஆயிரமுமாக இருந்தால், கேட்பவர் மனக்கணக்குப் போடத் தொடங்கி உங்கள் பேச்சைத் தவறவிடுவார்.

பின்னிணைப்பில் வைத்த அட்டவணைகளுக்கு எண் கொடுத்து, எது எங்கே இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விற்பனையாளரைப் பற்றிக் கேள்வி வந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் காட்டிவிட்டு, மீண்டும் முதல் ஸ்லைடுக்கு வாருங்கள். கேள்விகள் நடக்கும் நேரம் முழுவதும் திரையில் அந்த ஸ்லைடே இருக்கட்டும்.

படி 7: அன்றே எழுதி அனுப்புங்கள்

ஒப்புதல் கிடைத்தால், எவ்வளவு தொகை, எத்தனை ஆட்கள், எந்தத் தேதி, என்ன நிபந்தனை என்பதை அன்று மாலைக்குள் நான்கு வரியில் மின்னஞ்சலாக அனுப்புங்கள். "யோசித்துச் சொல்கிறோம்" என்று மட்டும் பதில் வந்தால், முடிவெடுக்க என்ன தகவல் குறைகிறது, அதை யாரிடம் எந்த நாளுக்குள் தரவேண்டும் என்று கூட்டம் கலையும் முன்பே கேட்டு, அந்தப் பதிலை அதே மின்னஞ்சலில் எழுதுங்கள்.