தலைவலி நாட்குறிப்பு எழுதுவது எப்படி: மைக்ரேன், இறுக்கத் தலைவலி, ஸ்கேனுக்கு விரைய வேண்டிய அறிகுறிகள்

மைக்ரேனை நாம் ஒற்றைத் தலைவலி என்கிறோம். அந்தச் சொல்லுக்கு மூலமான கிரேக்கச் சொல்லின் பொருளும் 'பாதி மண்டை' என்பதுதான். இரண்டு பெயர்களுமே பலரைத் தவறான பாதையில் அனுப்பியிருக்கின்றன. வலி இருபுறமும் இருப்பதால் தமக்கு இருப்பது மைக்ரேன் அல்ல என்று நினைத்து, சைனஸ் என்றும் கண்ணாடியின் பவர் மாறிவிட்டது என்றும் பல ஆண்டுகள் அலைந்தவர்கள் ஏராளம். வலி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை விட, வலியின்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதே நல்ல துப்பு. அதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் முறையாகப் பதிவு செய்வதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: நோட்டைத் திறக்கும் முன், காத்திருக்கலாமா என்று பாருங்கள்

நாட்குறிப்பு என்பது ஏற்கெனவே பலமுறை வந்து போன, பழகிய தலைவலிக்கு உரியது. கீழே சொல்லப்படும் நிலைகளில் எழுதிக்கொண்டு இருக்கக் கூடாது. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும். தமிழ்நாட்டில் இருந்தால் 108-ஐ அழைக்கலாம்.

இவற்றுள் முதன்மையானது, இடி விழுந்தாற்போல் திடீரெனத் தொடங்கி, ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தை எட்டும் வலி. மைக்ரேனும் கடுமையாக வலிக்கும். ஆனால் அது பெரும்பாலும் சிறிது சிறிதாக ஏறி உச்சத்தை அடையும். எனவே "எவ்வளவு வலிக்கிறது" என்பதோடு "எவ்வளவு வேகத்தில் உச்சத்துக்குப் போனது" என்பதையும் கட்டாயம் கேட்க வேண்டும். இவ்வாறு வரும் வலி, மூளையைச் சுற்றியுள்ள இரத்தக்குழாய் வீக்கம் ஒன்று வெடித்ததால் இருக்கலாம். அந்தக் கசிவை சிடி ஸ்கேன் முதல் ஆறு மணி நேரத்துக்குள் மிக நன்றாகக் காட்டும். நேரம் போகப் போகத் தவறவிடும் வாய்ப்பு கூடுவதால், பிறகு முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்க்க வேண்டி வரலாம். மாத்திரை போட்டுக்கொண்டு காலை வரை தூங்கிப் பார்ப்பது இதனால்தான் ஆபத்தானது.

கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், குழப்பம், வலிப்பு, பார்வை இரண்டாகத் தெரிதல் ஆகியவற்றுடன் வரும் தலைவலிக்கும், காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த தலைவலிக்கும், தலையில் அடிபட்ட பின் கூடிக்கொண்டே போகும் தலைவலிக்கும் இதே விதிதான். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு இலேசான அடியே போதும்.

பிரசவித்த தாய்மார்களைப் பற்றித் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். பிள்ளை பெற்ற சில வாரங்களுக்குள் புதிதாகத் தொடங்கி நாளுக்கு நாள் கூடும் தலைவலியைத் தூக்கமின்மை என்றும் நீர் கோத்திருக்கிறது என்றும் வீட்டில் சொல்லிவிடுவது வழக்கம். ஆனால் அந்தக் காலத்தில் மூளையின் சிரைகளில் இரத்தம் உறையும் வாய்ப்பு அதிகம். சாதாரண சிடி ஸ்கேன் இதைக் காட்டாமல் போகலாம். சிரைகளைப் படம்பிடிக்கும் வெனோகிராம் தேவைப்படும். ஆகவே மருத்துவரிடம் பேசும்போது பிரசவத் தேதியை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் இரத்த அழுத்தம் ஏறுவதாலும் இத்தகைய வலி வரக்கூடும் என்பதால், அதையும் உடனே அளக்க வேண்டும்.

50 வயதுக்கு மேல் முதன்முறையாக வரும் தலைவலியும், புற்றுநோய் அல்லது எச்ஐவி உள்ளவர்களுக்குப் புதிதாக வரும் தலைவலியும், இருமினாலோ குனிந்தாலோ மட்டும் வெடிக்கும் தலைவலியும் தாமதமின்றி மருத்துவரைப் பார்க்க வேண்டியவை. முதியவர்களுக்கு உச்சந்தலையில் சீப்பு பட்டாலே வலிப்பதும் மெல்லும்போது தாடை நோவதும் சேர்ந்திருந்தால், நெற்றிப்பொட்டு இரத்தக்குழாயின் அழற்சியாக இருக்கலாம். அதற்கு முதலில் வேண்டியது ஸ்கேன் அன்று, அன்றே செய்யும் இரத்தப் பரிசோதனையும் சிகிச்சையும். தாமதித்தால் பார்வை போய்விடக்கூடும்.

இரண்டாம் படி: நான்கு வாரம் எழுதுங்கள்

ஒவ்வொரு வலிக்கும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வலியின் தன்மை, படியேறினால் கூடியதா, குமட்டல் இருந்ததா, வெளிச்சமும் சத்தமும் தொந்தரவு தந்தனவா, எந்த மாத்திரை எத்தனை போட்டீர்கள் என்பவற்றை அன்றன்றே எழுதுங்கள். மாதவிலக்கு நாட்களையும் குறியுங்கள். வலி இல்லாத நாட்களின் உணவும் தூக்கமும் ஒரு வரியில் இருந்தால் போதும். அவை இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது.

32 வயதுள்ள ஓர் ஆசிரியையின் குறிப்பு இப்படி இருப்பதாகக் கொள்வோம். ஞாயிறு: முந்தைய இரவு திருமண வரவேற்பு, படுக்க ஒரு மணி, எழுந்தது ஒன்பதுக்கு, காலை உணவு இல்லை, தலைக்குக் குளித்தார். 11 மணிக்கு வலப்பக்கம் தொடங்கிய வலி மதியத்துக்குள் இருபுறமும் பரவி விண்விண்ணென்று தெறித்தது. படியேறியபோது கூடியது, ஒருமுறை வாந்தி, அறையை இருட்டாக்கிப் படுத்துவிட்டார், மறுநாள் காலை ஏழு மணிக்குத்தான் விட்டது. புதன்: மாலை ஐந்து மணிக்கு, விடைத்தாள் திருத்தி முடித்ததும், தலையைச் சுற்றித் துண்டு இறுக்கிக் கட்டியதுபோல இலேசான வலி. கழுத்துப் பிடரியும் தொட்டால் நொந்தது. ஆனாலும் கடைக்குப் போய் வந்தார், சமைத்தார்; ஏழு மணிக்கு வலி இல்லை.

மூன்றாம் படி: ஒவ்வொரு வலியையும் தனித்தனியே வகைப்படுத்துங்கள்

ஞாயிற்றுக்கிழமை வலி மைக்ரேனின் சாயலுடையது. மருந்தின்றி விட்டால் மைக்ரேன் 4 முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும்; துடிப்பதாகவும், அசைந்தால் கூடுவதாகவும், வேலையை முடக்குவதாகவும் இருக்கும்; குமட்டலோ, ஒளியும் ஒலியும் சேர்ந்த கூச்சமோ உடன் வரும். புதன்கிழமை வலி இறுக்கத் தலைவலி. அது அரை மணி நேரத்திலிருந்து ஏழு நாட்கள் வரை நீடிக்கலாம், அழுத்துமே தவிரத் துடிக்காது, வாந்தி வராது, நடமாட்டத்தைத் தடுக்காது. ஒருவருக்கே இரண்டும் இருப்பது மிகச் சாதாரணம். ஆகவே "எனக்கு இருப்பது எது" என்று கேட்காமல் "இன்று வந்தது எது" என்று கேளுங்கள்.

சிலருக்கு வலிக்கு முன் கண்ணில் மின்னும் நெளிகோடுகள் தோன்றி, மெல்லப் பரவி, ஒரு மணி நேரத்துக்குள் மறையும். இது ஆரா எனப்படும். பரவாமல் நொடியில் பார்வை போவதோ முகம் கோணுவதோ ஆரா என்று கருதத் தக்கதல்ல. அது பக்கவாதமாக இருக்கலாம். மேலும், ஆரா இல்லாத வலியைக் குறைந்தது ஐந்து முறை வந்த பிறகே மைக்ரேன் என்று உறுதி செய்வார்கள் என்பதால், வாழ்நாளின் முதல் கடுந்தலைவலிக்கு வீட்டிலேயே அந்தப் பெயரைச் சூட்டிவிடாதீர்கள்.

நான்காம் படி: தூண்டல்களை நிதானமாகத் தேடுங்கள்

ஆசிரியையின் ஞாயிற்றில் பிந்திய உறக்கம், பிந்திய விழிப்பு, பட்டினி, தலைக்குக் குளியல் ஆகிய நான்கும் ஒன்றுசேர்ந்தன. தூண்டல்கள் பெரும்பாலும் இப்படிக் கூட்டாகவே வேலை செய்யும். தலைக்குக் குளிப்பது ஒரு தூண்டல் என்பதை இந்திய நரம்பியல் மருத்துவர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். அதை வெறும் நம்பிக்கை என்று தள்ள வேண்டியதில்லை. வழக்கமான காபி தவறுதல், கடும் வெயில், ஊதுபத்தி அல்லது வாசனைத் திரவியத்தின் நெடி, மாதவிலக்கை ஒட்டிய நாட்கள் ஆகியவையும் அடிக்கடி காணப்படுபவை. இறுக்கத் தலைவலிக்கு மன அழுத்தமும், ஒரே நிலையில் நெடுநேரம் குனிந்திருப்பதும் முக்கியமானவை.

இங்கே ஒரு பொறி உண்டு. மைக்ரேன் தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பே கொட்டாவி, எரிச்சல், இனிப்பின் மேல் தணியாத ஆசை ஆகியவை வரலாம். அப்போது சாக்லேட் தின்றவர் மறுநாள் சாக்லேட்டைக் குற்றம் சொல்வார். உண்மையில் அந்த ஆசையே மைக்ரேனின் தொடக்கமாக இருந்திருக்கலாம். ஒரு பொருளைச் சந்தேகித்தால், அதைச் சாப்பிட்டும் வலி வராத நாட்களை எண்ணிப் பாருங்கள்.

ஐந்தாம் படி: மாத்திரை நாட்களை எண்ணுங்கள்

ஆசிரியை அந்த மாதம் காஃபின் கலந்த வலிமாத்திரையை 11 நாட்கள் எடுத்திருந்தார். இத்தகைய கலப்பு மாத்திரைகளையும் மைக்ரேனுக்கென்றே தரப்படும் டிரிப்டான் வகை மருந்துகளையும் மாதத்தில் 10 நாட்கள் அல்லது அதற்கு மேலும், வெறும் பாராசிட்டமாலை 15 நாட்கள் அல்லது அதற்கு மேலும் மூன்று மாதத்துக்கு அதிகமாக எடுத்தால், மாத்திரையே தலைவலியை அடிக்கடி வரவழைக்கத் தொடங்கலாம். அவர் அடுத்துச் செய்ய வேண்டியது வேறொரு மாத்திரை தேடுவதன்று. இந்த நோட்டோடு மருத்துவரிடம் போய், தினமும் எடுக்கும் தடுப்பு மருந்து தமக்குத் தேவையா என்று கேட்பதுதான். அபாய அறிகுறி ஏதுமின்றி, பல ஆண்டுகளாக ஒரே மாதிரி வந்து போகும் இத்தகைய வலிக்கு, நரம்பியல் பரிசோதனையும் இயல்பாக இருந்தால், மருத்துவர் ஸ்கேன் வேண்டாம் என்று சொல்வது அலட்சியம் அல்ல.