"வாட்ஸ்அப்புக்கு வாருங்கள்" என்று விற்பவர் அழைத்தால்: வாங்குபவர்கள் செய்யும் தவறுகள்

என் சித்தி மகள் மதுரையில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறாள். பஸ்ஸுக்குக் காத்திருந்து அலுத்துப்போய், பழைய பொருள்கள் விற்கும் ஓர் இணையதளத்தில் ஸ்கூட்டர் தேடினாள். 2019ஆம் ஆண்டு வண்டி ஒன்று 18,000 ரூபாய்க்கு இருந்தது. வெளியே விசாரித்தால் அதே வண்டிக்கு 40,000 ரூபாய்க்குக் குறைந்து யாரும் விலை சொல்லவில்லை. தளத்தின் உரையாடல் பெட்டியில் "வண்டி இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டாள். "இங்கே அடிக்கடி பார்ப்பதில்லை, வாட்ஸ்அப்புக்கு வாருங்கள்" என்று ஒரு வரி வந்தது. அதன் கீழே கைபேசி எண், இலக்கங்களில் இல்லாமல் "ஒன்பது எட்டு சைபர்" என்று எழுத்தில் இருந்தது.

அவள் அங்கேயே நின்றிருக்கலாம். உரையாடலில் கைபேசி எண் வந்தால் பல தளங்கள் அதைத் தாமாகவே மறைத்துவிடும், அல்லது எச்சரிக்கை காட்டும். அதற்குத் தப்பவே எண்ணை எழுத்தில் எழுதுகிறார்கள். சிலர் தாளில் எழுதிப் படமெடுத்து விளம்பரப் படங்களோடு சேர்த்துவிடுகிறார்கள். தொலைபேசி எண் தருவது குற்றமில்லை. தளத்தின் கண்ணுக்குத் தெரியாமல் தர மெனக்கெடுகிறார் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

எல்லோரும் மோசடிக்காகத்தான் வெளியே அழைக்கிறார்களா என்றால், இல்லை. தளத்துக்குத் தர வேண்டிய கமிஷனை மிச்சப்படுத்த நினைக்கும் நேர்மையான விற்பனையாளர்களும் உண்டு. "நேரடியாகப் பணம் அனுப்புங்கள், பத்து சதவீதம் குறைத்துத் தருகிறேன்" என்பார்கள். அவர்களிடமும் சம்மதிக்கக் கூடாது என்பதே என் எண்ணம். ஆர்டரும் பணமும் தளத்தின் வழியாகப் போனால், பொருள் வராதபோதும் வேறு பொருள் வந்தபோதும் கேட்க ஓர் ஆர்டர் எண் கையில் இருக்கும். பணத்தைத் திருப்பித் தரும் வழியும் தளத்திடம் இருக்கும். விற்பவரின் யுபிஐ முகவரிக்கு நீங்களே அனுப்பிய பணம் சில நொடிகளில் அவர் கணக்கில் இருக்கும். அதைத் திரும்பப் பெற அவர் சம்மதிக்க வேண்டும், இல்லாவிட்டால் போலீஸ் வேண்டும். பத்து சதவீதத் தள்ளுபடிக்கு நீங்கள் விற்றுவிடுவது அந்தப் பாதுகாப்பைத்தான்.

வாட்ஸ்அப்பில் அவளுக்கு முதலில் வந்தவை படங்கள். சீருடையில் ஒருவர், அவருடைய அடையாள அட்டை, வண்டியின் ஆர்.சி. புத்தகம். "விமான நிலையத்தில் பாதுகாப்புப் பணி, இடமாற்றம் வந்துவிட்டது, அதனால்தான் இந்த விலை. வண்டியை எங்கள் துறையே பார்சலில் உங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடும்." அவள் ஏமாளி அல்ல, வண்டி எண்ணைப் போட்டு அரசின் வாகனப் பதிவுச் செயலியில் தேடிப் பார்த்தாள். வண்டி உண்மை, விவரங்களும் பொருந்தின. நம்பிவிட்டாள்.

அவள் செய்த சோதனை சரிதான், அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. ஆர்.சி. சரியாக இருந்தால், அப்படியொரு வண்டி இருக்கிறது என்பது மட்டுமே தெரியும். படத்தை அனுப்பியவர் அதன் உரிமையாளர் என்பது தெரியாது. வேறொருவர் என்றோ போட்ட உண்மையான விளம்பரத்திலிருந்து வண்டியின் படங்களை எடுத்துக்கொள்கிறார்கள். அடையாள அட்டைகளும் இப்படித்தான் கைமாறுகின்றன: வாங்குபவர்போல் பேசி ஒருவரிடம் பெற்ற அட்டை, அடுத்தவரிடம் விற்பவரின் அட்டையாகிவிடுகிறது. ஆகவே பதிலுக்கு உங்கள் ஆதாரைக் கேட்டாலும் அனுப்பாதீர்கள்.

பொய் வெளிப்படும் இடம் ஒன்று உண்டு. யுபிஐயில் பணம் அனுப்பும்போது, ரகசிய எண்ணை இடுவதற்கு முன், பெறுபவரின் வங்கிக் கணக்கிலுள்ள பெயர் திரையில் தெரியும். அட்டையில் ஒரு பெயர், திரையில் வேறொரு பெயர். அவள் கேட்டாள். "அது எங்கள் பார்சல் பிரிவின் கணக்காளர்" என்று உடனே பதில் வந்தது. எந்த அரசுத் துறையும் தன் கட்டணத்தைத் தனி ஆளின் கணக்கில் வாங்குவதில்லை. பணியிலிருப்பவர் விற்கும் சொந்த வண்டியை வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவதும் அதன் வேலை இல்லை.

முதலில் கேட்டது 2,150 ரூபாய், பார்சல் பதிவுக் கட்டணம். "2,150 போனால் போகட்டும்" என்ற கணக்கில் அனுப்பினாள். இந்தக் கணக்குதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, ஏனென்றால் விஷயம் 2,150 ரூபாயோடு நிற்பதில்லை. ஒரு மணி நேரத்தில் முத்திரை குத்திய ரசீதும், லாரியில் ஏற்றிய ஸ்கூட்டரின் படமும் வந்தன. மறுபடி அழைப்பு. வண்டி திருமங்கலம் வந்துவிட்டது, ஜிஎஸ்டி 5,150 கட்ட வேண்டும், வண்டியை ஒப்படைக்கும்போது அது திருப்பித் தரப்படும். அதையும் கட்டினாள். மூன்றாவது அழைப்பு இன்னும் விநோதமானது. "இரண்டு தவணையாக அனுப்பியதால் கணினி ஏற்கவில்லை. 7,300 ரூபாயை ஒரே தொகையாக அனுப்புங்கள், முதலில் அனுப்பியது தானாகத் திரும்பிவிடும்." 2,150ஐயும் 5,150ஐயும் கூட்டினால் சரியாக 7,300 வருகிறது. அந்தப் பொருத்தமே அவளுக்கு நம்பிக்கை தந்தது. அந்த நேரத்தில் அவள் ஸ்கூட்டருக்காகப் பணம் கட்டவில்லை, கட்டிய பணத்தை மீட்கக் கட்டினாள். மாலைக்குள் 14,600 ரூபாய் போயிருந்தது.

நான்காவதாக ஒரு கியூஆர் படம் வந்தது: "ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை இடுங்கள், முழுப் பணமும் உங்களுக்கு வந்துவிடும்." நல்லவேளை, அப்போதுதான் என்னை அழைத்தாள். யுபிஐயில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. பணம் வரும் என்று சொல்லி அந்த எண்ணை இடச் சொன்னால், பணம் உங்கள் கணக்கிலிருந்து வெளியே போகிறது என்று பொருள்.

ஆனால் நாங்களும் ஒரு தவறு செய்தோம். "இரவாகிவிட்டது, காலையில் பார்த்துக்கொள்வோம்" என்று விட்டுவிட்டோம். இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணை அந்த நிமிடமே அழைத்திருக்க வேண்டும். அங்கே பதிவாகும் புகார், பணம் சேர்ந்த வங்கிக்குப் போய், கணக்கில் மிச்சமிருக்கும் தொகையை முடக்க வழிசெய்கிறது. மோசடிக்காரர்கள் பணத்தை ஒரே கணக்கில் தூங்கவிடுவதில்லை. வாடகைக்கு வாங்கிய கணக்குகள் வழியே மாற்றி மாற்றி, கடைசியில் ஏடிஎம்மில் எடுத்துவிடுகிறார்கள். அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை ஒவ்வொரு பரிமாற்றத்தின் 12 இலக்க யுடிஆர் எண், தொகை, நேரம், பெறுபவரின் யுபிஐ முகவரி. இவை உங்கள் யுபிஐ செயலியின் பரிமாற்ற விவரத்திலேயே இருக்கும். பிறகு cybercrime.gov.in தளத்தில் முழுப் புகாரையும் பதிய வேண்டும். கோபத்தில் அந்த எண்ணைத் தடைசெய்து உரையாடலை அழித்துவிடாதீர்கள்; அவர் தன் செய்திகளை அழிப்பதற்கு முன் திரையைப் படமெடுத்து வையுங்கள். இணையத்தில் தேடினால் கிடைக்கும் "வாடிக்கையாளர் சேவை" எண்களை அழைக்கவும் வேண்டாம். அவற்றில் போலிகள் உண்டு.

மறுநாள் நண்பகலில் நாங்கள் அழைத்தபோது, சேர்ந்த கணக்கில் 1,180 ரூபாய்தான் மிச்சமிருந்தது. அதை முடக்கினார்கள். அந்தத் தொகையும் உடனே கைக்கு வராது என்றார்கள்.

பழைய வண்டியை வாங்குவதற்கு முன்பணம் எதற்கும் தேவையில்லை. வண்டியை நேரில் பாருங்கள், சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் உரிமையாளர் உங்கள் கண்முன் கையெழுத்துப் போட்ட பிறகு பணம் கொடுங்கள். நேரில் காட்ட முடியாத வண்டிக்கு என்ன விலை சொன்னாலும் விட்டுவிடுங்கள்.

அந்த விளம்பரத்தைப் பற்றித் தளத்திடமும் புகார் கொடுத்தோம். விற்பவரோடு பேசியதை அவர்கள் தங்கள் பதிவில் தேடிப் பார்த்தார்கள். சீருடைப் படமும் ரசீதும் மூன்று முறை கேட்ட பணமும் அங்கே இல்லை. "வண்டி இன்னும் இருக்கிறதா?" என்ற அவளுடைய கேள்வியும், எழுத்தில் எழுதிய ஒரு கைபேசி எண்ணும் மட்டும் இருந்தன.