எத்தனை கிராம் தங்கம் வாங்கலாம்?

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ தங்க நாணயம் வாங்கி, விலை ஏறியதும் விற்க நினைப்பவர், வாங்கும் அளவைக் கையிலுள்ள பணத்தைக் கொண்டு அல்ல, இழக்கத் துணியும் தொகையைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். சேமிப்பு 10 இலட்சம் ரூபாய் என்போம். ஓய்வுபெறும்வரை பொதுவாக முழுமையாக எடுக்க முடியாத ஊழியர் சேமலாப நிதியை இதில் சேர்க்கக் கூடாது. அந்தச் சேமிப்பில் 1 சதவீதமான 10,000 ரூபாயே இழப்பின் எல்லை.

கணக்குக்காகக் கிராம் 40,000 ரூபாய் என்று கொண்டு, விலை 1,500 ரூபாய் இறங்கினால் விற்றுவிடுவதென முன்கூட்டியே முடிவு செய்கிறோம். கடைக்காரர் விற்கும் விலைக்கும் திருப்பி வாங்கும் விலைக்கும் இடையே 1,000 ரூபாய் வித்தியாசம் இருந்தால், உண்மையான இழப்பு கிராமுக்கு 2,500 ரூபாயாகும். 10,000ஐ 2,500ஆல் வகுத்தால் 4 கிராம், அதாவது அரைப் பவுண், கிடைக்கிறது.

பலரும் விட்டுவிடுவது அந்த வித்தியாசத்தைத்தான். அதை மறந்து 1,500ஆல் வகுப்பவர் ஏறத்தாழ 6.6 கிராம் வாங்கி, 16,500 ரூபாய் வரை இழப்பார். நகையாக வாங்கினால் செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராததால், இந்தக் கணக்கு நாணயத்துக்கும் பிஸ்கட்டுக்குமே பொருந்தும். வார இறுதிக்குப் பின் உலகச் சந்தை திடீரென இறங்கித் திறந்தால், குறித்த விலையில் விற்க முடியாமல் இழப்பு எல்லையைத் தாண்டவும் கூடும்.