புடவைக் கறைக்கு முன் ஒரு சொட்டுச் சோதனை: பாம்பன் உப்புத் தண்ணீரில் நான் ஏமாந்த கதை

அம்மாவின் பரமக்குடி பருத்திப் புடவையில் மீன் குழம்பு சிந்திவிட்டது. சந்தன நிற உடல், அரக்கு நிறக் கரை. கையில் இருந்தது ஆக்சிஜன் வகை கறைநீக்கிப் பவுடர். பட்டு, கம்பளி என்றால் இதைத் தொடவே வேண்டாம்.

சாயம் தாங்குமா என்று சோதிக்க நல்ல இடம், இடுப்பில் செருகும் உள்முனை. ரவிக்கை என்றால் உள்தையலில் விட்டிருக்கும் துணி. உடலில் ஓர் இடம், கரையில் ஓர் இடம் எனத் தனித்தனியாகப் பாருங்கள். ஒரே புடவையானாலும் இரண்டுக்கும் சாயம் வேறு.

பவுடரை டப்பாவில் சொன்ன அளவில் வெதுவெதுப்பான நீரில் அப்போதே கரையுங்கள். நேற்று கரைத்ததில் வீரியம் இருக்காது. துணிக்கு அடியில் பழைய வெள்ளை வேட்டித் துண்டை வைத்து, இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். பஞ்சுக்குச்சி எனக்குப் பிடிக்காது, துணி சரியாக நனையாது. மருந்து பாட்டிலோடு வரும் ஃபில்லர்தான் வசதி. கறையில் எவ்வளவு நேரம் ஊற விடுவீர்களோ, அதே நேரம் இங்கேயும் விடுங்கள். அப்புறம் மேலே இன்னொரு வெள்ளைத் துண்டை வைத்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள். தேய்க்கக் கூடாது.

துண்டில் நிறம் ஏறினால் சாயம் போகிறது. ஏறவில்லை என்றால்? இங்கேதான் நான் அவசரப்பட்டேன். ஆக்சிஜன் வகை, சாயத்தை இருந்த இடத்திலேயே வெளுக்கச் செய்யலாம். அப்போது துண்டு சுத்தமாகவே இருக்கும். ஈரத்துணி கருத்துத் தெரிவதால் வெளுப்பும் கண்ணில் படாது. அதனால் அலசி, நிழலில் முழுக்கக் காயவைத்து, பகல் வெளிச்சத்தில் பக்கத்துத் துணியோடு ஒப்பிட வேண்டும்.

அப்படிக் காயவைத்தபோது கரையில் வெள்ளையாக ஒரு வளையம். சாயம் போச்சு என்று நினைத்தேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு. வெறும் தண்ணீர் விட்டுக் காயவைத்தாலும் அதே வளையம் வந்தது. கேன் தண்ணீரில் அலசியதும் வளையம் போய்விட்டது, ஆனால் உள்ளே ஒரு வெளிர் புள்ளி நின்றது. அதுதான் உண்மையான வெளுப்பு. அன்றிலிருந்து வெறும் தண்ணீர்ச் சொட்டு ஒன்றையும் பக்கத்தில் விட்டே பார்க்கிறேன்.

பிறகு சேர்த்தது: கறை மேலேயே சோதித்த ஒருவர், சிவப்பாக மாறியதும் சாயம் இறங்குகிறது என்று பயந்துவிட்டார். அது கறையில் இருந்த மஞ்சள்தூள். சோப்பு, பவுடரின் காரம் பட்டால் சிவக்கும். கறை இல்லாத இடத்தில்தான் சோதிக்க வேண்டும்.

எங்கள் புடவையில் உடல் தாங்கியது, கரை தாங்கவில்லை. கறை கரையிலிருந்து நான்கு விரல் தள்ளி இருந்ததால், அந்த இடத்தை மட்டும் கிண்ணத்தின் வாயில் இழுத்துக் கட்டி, சொட்டுச் சொட்டாக விட்டு, கேன் தண்ணீரில் தாராளமாக அலசினேன். மிச்சமிருந்த லேசான மஞ்சளை, கரையை உள்ளே மடித்துப் போட்டபின், இரண்டு நாள் வெயில் எடுத்துக்கொண்டது.