மாஸில் காப்பி சோதிக்கும் முன் ஒரு -b

மாணவர்களின் புரோகிராம்களை மாஸ் கருவியில் போடும்போது, நீங்களே கொடுத்த ஸ்டார்ட்டர் கோடை -b போட்டுச் சேர்த்துவிடுங்கள், பாதி வீண் சந்தேகம் அங்கேயே போய்விடும்.

```
./moss -l c -b starter.c -d */*.c
```

மாஸ் வரிக்கு வரி ஒப்பிடுவதில்லை. இடைவெளி, கமென்ட், மாறிகளின் பெயர் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, அவற்றில் சிலவற்றின் ஹாஷை மட்டும் கைரேகை மாதிரி வைத்துக்கொண்டு பொருத்துகிறது. அதனால் total என்பதை sum என்று மாற்றினாலும் மாட்டும், நீங்கள் கொடுத்த மெனு லூப்பும் அதே மாதிரி மாட்டும். -b கோப்பில் உள்ள துண்டுகளை அது கணக்கில் எடுக்காது. பத்துப் பேருக்கு மேல் ஒரே துண்டு இருந்தால் தானாகவே விட்டுவிடும் (-m என்பதன் இயல்பு மதிப்பு 10), ஆனால் எட்டுப் பேர் உள்ள வகுப்பில் அது உதவாது.

பாடப்புத்தக விடைக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள். நான்கு பேர் தனித்தனியாக அதே புத்தகத்தின் பைனரி சர்ச்சை எழுதினால் ஒருவரை ஒருவர் பார்த்த மாதிரிதான் ரிப்போர்ட் வரும், -b-யில் போட்டாலோ புத்தகத்தைப் பார்த்து எழுதியதே மறைந்துவிடும். அந்த விடையை இன்னொரு மாணவரின் ஃபோல்டர் போல வைத்துவிடுங்கள், நான்கு பேரும் அதோடு ஜோடி சேர்ந்தால் மூலம் எது என்று தெரிந்துவிடும். இருபது வரிப் பயிற்சிக்கு எதுவும் சரிவராது, அதில் எல்லோருடையதும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.